பார்சல் போய்ச் சேரவில்லை: தபால் துறை எவ்வளவு தரும்?

சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கோவையில் இருக்கும் வாடிக்கையாளருக்கு 4,200 ரூபாய் மதிப்புள்ள சேலைகளைப் பதிவுப் பார்சலில் அனுப்புகிறார். கவுன்டரில் கட்டிய கட்டணம் 120 ரூபாய். பத்து நாள் கழித்து, “இன்னும் வந்து சேரலீங்க அக்கா” என்று போன் வருகிறது. ரசீது எண்ணைப் போட்டுப் பார்த்தால் திரையில் Item Delivered என்று நிற்கிறது. அவருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

இன்ஷூரன்ஸ் செய்யாமல் அனுப்பியிருந்தால், வழக்கமான கணக்குப்படி 240 ரூபாய். ஸ்பீடு போஸ்ட்டில் போன பொருள் தொலைந்தால், கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள். உள்ளே இருந்தது சேலையா, பட்டா, மருந்தா என்பது இந்தக் கணக்கில் வராது. பழைய பதிவுத் தபாலில் நிலைமை இன்னும் மோசம். 100 ரூபாயோடு முடித்துவிடுவார்கள்.

பழைய பதிவுத் தபால் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். இப்போது பதிவு என்பது ஸ்பீடு போஸ்ட்டின் மேல் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய வசதி. அக்டோபர் 1 முதல் அதற்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கூடுதலாகக் கட்ட வேண்டும். இந்த 5 ரூபாய் வாங்கித் தருவது ஒரே ஒரு உறுதி: பொருளை முகவரிதாரரிடமே கொடுக்க வேண்டும். சும்மா ஸ்பீடு போஸ்ட் என்றால் அந்த முகவரியில் இருக்கும் இன்னொருவரிடம் கொடுத்தாலும் பட்டுவாடா ஆனதாகவே கொள்வார்கள். பின்னால் சண்டை வரும்போது இந்த வேறுபாடுதான் பேசும். ஆகவே, ரசீதில் பதிவுக் கட்டணம் தனியாக வந்திருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகருமுன் பார்த்துவிடுவது நல்லது.

சேலையின் விலை ஏன் கணக்கில் வருவதில்லை? அதற்குச் சட்டமே அரணாக நிற்கிறது. 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, பொருள் தொலைந்தாலும், ஆள் மாறிப் போனாலும், தாமதமானாலும், சேதமானாலும் அரசு பொறுப்பேற்காது என்றது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் போய், 2024 ஜூன் 18 அன்று புதிய அஞ்சலகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 10ஆவது பிரிவும் அதே பாதுகாப்பைத் தருகிறது. விதிகளில் எந்த அளவுக்குப் பொறுப்பு சொல்லியிருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் என்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைத் தொலைக்கும் ஒரு சேவைக்கு இத்தனை பெரிய கவசம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, அனுப்பும்போதே இன்ஷூரன்ஸ் செய்வது. அப்போது நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்பு வரை கேட்கலாம். பொருளின் உண்மை விலைக்கு மேல் கிடைக்காது. கடை பில்லும், கட்டுவதற்கு முன் எடுத்த போட்டோவும் இங்கேதான் உதவும். நகை, நாணயம், ரூபாய் நோட்டு போன்றவற்றை இன்ஷூரன்ஸ் இல்லாமல் தபாலில் அனுப்பவே கூடாது.

இரண்டாவது வழி நம் சின்னாளப்பட்டிப் பெண்ணுக்கு உரியது. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்த செயலால் பொருள் போயிருந்தால், அந்த ஊழியருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. வெறும் கவனக்குறைவு போதாது, அதற்கு மேல் காட்ட வேண்டும். அதைக் காட்டுவதற்கான சான்று அவர் கையில் இல்லை, தபால் துறையின் கையில் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவதுதான் உண்மையான வேலை.

முதலில் திரையில் வரும் வரிகளைத் தேதி, நேரம், அலுவலகப் பெயரோடு போட்டோ எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பார்சலும் ஒரு பையில் கட்டப்பட்டு ஒரு அலுவலகத்திலிருந்து கிளம்பி இன்னொன்றில் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு இடத்திலும் பதிவாகிறது. ஒரு அலுவலகத்திலிருந்து கிளம்பியதாகக் காட்டி, அடுத்த அலுவலகத்தில் வந்ததாகக் காட்டாமல் நின்றால், பார்சல் வழியில் போயிற்று. கோவை பட்டுவாடா அலுவலகத்துக்கு வந்து, தபால்காரரிடம் கொடுத்ததாகக் காட்டி, பிறகு Item Delivered என்று வந்தால், கேள்வி முழுக்க ஒரே ஒருவர் பக்கம் திரும்புகிறது: வாங்கியது யார்?

உடனே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் எதுவும் மிஞ்சாது. பொருளை அனுப்பியவர்தான் புகார் கொடுக்க வேண்டும், இழப்பீட்டுக்கு உரியவரும் அவரே. கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை:

“இந்த எண்ணுள்ள பதிவுப் பார்சலை இந்தத் தேதியில் இந்த அலுவலகத்தில் அனுப்பினேன். இந்தத் தேதியில் பட்டுவாடா ஆனதாக உங்கள் பதிவு காட்டுகிறது. முகவரிதாரர் பெறவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், இணைத்துள்ளேன். யாரிடம் கொடுக்கப்பட்டது, யார் கையெழுத்து என்பதைத் தெரிவித்து, விசாரித்து இழப்பீடு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

ரசீது நகலையும் பில் நகலையும் இணைத்து, அனுப்பிய அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்க வேண்டும். அதையே கோட்டக் கண்காணிப்பாளருக்கும் அனுப்பலாம். பதில் வராவிட்டால் மத்திய அரசின் குறைதீர் தளமான pgportal.gov.in இருக்கிறது, அங்கே 21 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த ஒரு தாள் இல்லாமல் போனால், “எங்கள் பதிவில் பட்டுவாடா ஆகிவிட்டது” என்ற ஒற்றை வரியோடு புகாரை மூடிவிடுவார்கள்.

அப்படி மூடிவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு விண்ணப்பித்து, பட்டுவாடா பதிவின் நகலையும் கையெழுத்தின் நகலையும் கேட்கலாம். 30 நாட்களில் பதில் தர வேண்டும். அந்த நகலில் முகவரிதாரரின் பெயரே தவறாக எழுதப்பட்டிருக்கலாம். கையெழுத்து வேறு யாருடையதாகவோ இருக்கலாம். வீடு பூட்டியிருந்த நாளில் கொடுத்ததாக இருக்கலாம். பதிவுக் கட்டணம் வாங்கிய பார்சலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு முகவரிதாரர் பெயரில் குறித்திருந்தால், அது கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாத இடம்.

அந்த நகல் கையில் வந்த பிறகுதான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. வெறும் ரசீதை மட்டும் கொண்டுபோன பலரின் மனுக்கள் பழைய 6ஆவது பிரிவைக் காட்டித் தள்ளுபடியாகியிருக்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, கோவைக்கு அலைய வேண்டியதில்லை. தான் வசிக்கும் திண்டுக்கல் மாவட்டத்திலேயே அவர் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். இடையில் தபால் துறை 240 ரூபாய்க்குச் செக் அனுப்பினால், ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்று எழுதப்பட்ட தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று எழுதியே வாங்க வேண்டும்.