சோலைவரிப் பதிவில் மாமாவின் பெயர்: கேட்க வேண்டியது 'மாற்றம்' அல்ல, 'திருத்தம்'

1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு வன்னிக்குப் போன ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வலிகாமத்தில் உள்ள வீடு மனைவிக்குச் சீதனமாக எழுதப்பட்டது. 1996இல் ஊர் திரும்பிய அவரது தாய்மாமன் அந்த வீட்டில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டார். பிரதேச சபையிலிருந்து விபரம் எடுக்க வந்தவரிடம் அவர் தன் பெயரைச் சொல்ல, சோலைவரிப் பதிவேட்டில் அதுவே உரிமையாளர் பெயராக ஏறிவிட்டது. போர் முடிந்து திரும்பிய பெண், வீட்டைத் திருத்திக் கட்ட அனுமதி கேட்டுப் போனபோதுதான் இது தெரியவருகிறது.

இந்த இடத்தில் பலர் 'பெயர் மாற்றம்' என்று தலைப்பிட்டு விண்ணப்பம் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் மாற்றம் என்றால் காணி கைமாறியது என்று பொருள். அதனால் மாமா எழுதிக்கொடுத்த உறுதி எங்கே என்று அலுவலகம் கேட்கும். அப்படி ஒன்று இல்லை. அதற்காக மாமாவிடம் புதிதாக ஓர் உறுதி எழுதி வாங்கினால் சிக்கல் கூடும். வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவருக்குக் காணி சொந்தமாகாது. தன்னிடம் இல்லாத உரிமையை அவர் எழுதித்தர முடியாது. அந்த உறுதி, சீதன உறுதியின் மீதே பின்னர் சந்தேகத்தை எழுப்பும்.

ஆகவே கடிதத்தின் தலைப்பு 'ஆதனவரிப் பதிவேட்டில் பிழையாகப் பதியப்பட்ட பெயரைத் திருத்தல்' என்று இருக்கட்டும். செயலாளருக்கு முகவரியிட்டு, வரி இலக்கம், வீதி, இப்போது பதிவில் உள்ள பெயர், இருக்க வேண்டிய பெயர், பிழை எப்படி நேர்ந்தது என்பவற்றை எழுதுங்கள். உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். உறுதிப் பிரதி, காணிப் பதிவகத்தில் எடுத்த தோம்புப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, கடைசி வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். தான் பராமரிப்பாளராகவே இருந்ததாக மாமா சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்துத் தந்தால் வேலை இலகுவாகும்.

இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால், நொத்தாரிசு அனுப்பிய இணைப்பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். அதிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம்.

நிலுவை வரி இருந்தால் கட்டிவிடுங்கள். பற்றுச்சீட்டு மாமாவின் பெயரில் வந்தாலும், பணம் கட்டியவர் யார் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடலாம். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பத்தின் நிலையையும் பதிவேட்டின் பிரதியையும் கேட்கலாம். அந்தக் கோரிக்கை குறித்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் மாமாவோ அவரது பிள்ளைகளோ காணி தங்களுடையது என்று சொன்னால், கடிதத்தால் தீராது. உரிமை யாருக்கு என்று சபை தீர்மானிக்க முடியாது. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. பத்து ஆண்டுகளுக்கு மேல் எதிர் ஆட்சியில் இருந்ததாகக் கூறி உரிமை கோர இடமிருப்பதால், அப்படிப்பட்ட பேச்சு எழுந்தவுடனேயே சட்டத்தரணியைப் பார்ப்பது நல்லது. மாமா உயிரோடும் நல்லுறவோடும் இருக்கும்போதே திருத்தக் கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான்.