எண்ணெய்க்குக் கடைசி இடம்

பருப்பு உசிலி என்றாலே எண்ணெய் குடிக்கும் என்பார்கள். அரைத்த பருப்பை நேராக வாணலியில் போட்டுக் கிளறினால் அது உண்மைதான். வேகாத பருப்பு அடியில் ஒட்டும். ஒட்டாமலிருக்க எண்ணெய் விடுவோம், அதைப் பருப்பு இழுத்துக்கொள்ளும், மறுபடியும் விடுவோம். நாலு பேருக்கான உசிலியில் ஐந்து மேசைக்கரண்டி சுலபமாக இறங்கிவிடும். அது ஏறக்குறைய 68 கிராம், தலைக்கு 17 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலோ, நாள் முழுவதற்கும் ஒருவருக்குச் சுமார் 27 கிராம் எண்ணெய், நெய் போதும் என்கிறது.

இட்லித் தட்டில் வேகவைத்துச் செய்தால் அதே உசிலிக்கு இரண்டு டீஸ்பூன் போதும். வாணலியில் எண்ணெய் செய்துகொண்டிருந்தது பெரும்பாலும் வேகவைக்கும் வேலை. அதை ஆவி பார்த்துக்கொண்டால் எண்ணெய்க்கு மிஞ்சுவது மணமும் லேசான மொறுமொறுப்பும்தான். முதலில் ஆவியிலோ நீரிலோ வேகவைத்து, எண்ணெயைக் கடைசியில் சேர்ப்பது என்ற இந்த வரிசையைப் பல பதார்த்தங்களுக்குக் கொண்டுபோகலாம்.

உசிலிக்கு அரை கப் துவரம்பருப்பும் இரண்டு மேசைக்கரண்டி கடலைப்பருப்பும் ஒன்றரை மணி நேரம் ஊறட்டும். தண்ணீரை ஒட்ட வடித்து, காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தண்ணீர் விட்டு நைசாக அரைத்தால் இட்லிபோல் மெத்தென்று வெந்துவிடும், பிறகு உதிரவே உதிராது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, கத்தியைக் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். நன்றாக ஆறிய பிறகே உதிர்க்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு உதிர்த்தால் பிசைந்ததுபோல் கட்டிகட்டியாகிவிடும். வேகவைத்த கொத்தவரங்காயைத் தாளிப்பில் போட்டு, உதிர்த்த பருப்பைச் சேர்த்து, சிறு தீயில் ஐந்து நிமிடம் புரட்டினால் உசிலி தயார்.

குருமாவிலும் கிரேவியிலும் எண்ணெய் போவது வெங்காயமும் தக்காளியும் வதக்கும் இடத்தில். அந்த வதக்கலைக் குக்கரிடம் கொடுத்துவிடலாம். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டை உள்பாத்திரத்தில் வைத்து, அடியில் தண்ணீர் விட்டு மூன்று விசில் வந்ததும் இறக்கி மசித்தால் கிரேவிக்கு அடித்தளம் கிடைத்துவிடும். ஆனால் ஒரு குறை உண்டு. குக்கருக்குள் சூடு 120 டிகிரியைத் தாண்டாது, ஈரமும் போகாது. அதனால் வெங்காயம் வேகும், சிவக்காது. சிவந்த வெங்காயத்தின் மணம் இல்லாத குருமா சப்பென்றுதான் இருக்கும். ஒரு கைப்பிடி வெங்காயத்தை மட்டும் எடுத்துவைத்து, கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கிச் சேர்த்தால் அந்த மணம் வந்துவிடும்.

தாளிப்பை மட்டும் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டினை உடல் ஏற்கவும் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். குறைக்க வேண்டியது பாத்திரத்தின் அகலத்தைத்தான். அகல வாணலியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் படலமாகப் பரவிவிடும். கடுகு பாதி வெடிக்கும், மீதி கருகும். குழிவான தாளிப்புக் கரண்டியில் அதே எண்ணெயில் கடுகு முங்கி, ஒருசேர வெடிக்கும். வெடிப்பு அடங்கியதும் தீயைக் குறைத்து உளுந்து, மிளகாய், பெருங்காயம் போட்டு, கறிவேப்பிலையைக் கடைசியாகப் போட வேண்டும். அதை இறக்கிய குழம்பின் மேல் கொட்டி உடனே மூடினால் மணம் வெளியே போகாது.

ஏர் ஃப்ரையர் என்பது விசிறி வைத்த சின்ன அவன்தான். சூடான காற்று மேற்பரப்பை உலர்த்தி மொறுமொறுப்பாக்கும். எனவே ஈரம்தான் அதற்கு எதிரி. உருளைக்கிழங்கை நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் ஒட்டத் துடைக்க வேண்டும். 250 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் கையால் பிசிறி, 180 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து, நடுவில் ஒருமுறை குலுக்கிவிடலாம். மிளகாய்த்தூளை முதலிலேயே போட்டால் கருகும், கடைசி மூன்று நிமிடத்தில் போடுங்கள். கூடையை நிரப்பினால் கிழங்கு வறுபடாமல் புழுங்கிப்போகும். பொன்னிறம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கிழங்கை அடர்பழுப்பாக விட்டால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுகிறது. பஜ்ஜிக்கு இந்தக் கருவி உதவாது. மாவு உறைவதற்குள் வழிந்துவிடும்.

தினமும் பொரிக்கும் வீடு என்றால் ஏர் ஃப்ரையர் வாங்கலாம். வாரம் ஒருநாள் மட்டும் பொரித்து, அன்றாடம் வதக்கிக் கிளறும் வீட்டுக்கு இட்லிப் பானையும் தாளிப்புக் கரண்டியுமே அதைவிட அதிக எண்ணெயை மிச்சம் பிடிக்கும். எண்ணெய் பாக்கெட் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே எழுதிவாருங்கள். நாள் 27 கிராம் கணக்கில் நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு, நெய்யையும் சேர்த்து, மாதம் மூன்றரை லிட்டர்தான் அளவு.