திருட்டு எது, பிழை எது?

ஒரு சர்வகலாசாலை தன் மாணாக்கருக்கு வழங்கியிருக்கும் கருத்துத் திருட்டைப் பற்றிய அறிக்கையொன்று நம் பார்வைக்கு வந்தது. அதன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய அறிக்கைகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவையாகவே இருக்கின்றன. கருத்துத் திருட்டு கடுங் குற்றம் என்கிறது முதல் வாக்கியம். அது எவ்வகையிலும் பொறுத்துக்கொள்ளப்படமாட்டாது என்கிறது இரண்டாவது. குற்றம் புரிந்தோர்மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்பதோடு முடிகிறது மூன்றாவது. எது குற்றம் என்றோ, தக்க நடவடிக்கை யாதென்றோ இதில் ஒரு சொல்லும் இல்லை.

சட்டம் பயின்ற எவருக்கும் இது வியப்பை உண்டாக்கும். 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம் திருட்டுக்கு வரையறை கூறியதோடு நிற்கவில்லை. அதன் கீழே உதாரணங்களையும் அடுக்கி வைத்தது. பிறர் நிலத்தில் நிற்கும் மரத்தைக் கபடமாகக் கொண்டுபோகும் எண்ணத்தோடு ஒருவன் வெட்டினால், மரம் தரையினின்று பிரிந்த அந்தக் கணமே திருட்டு நிறைவேறிவிட்டது என்பது அவற்றுள் ஒன்று. வரையறையைப் படித்து விளங்காதவனுக்கும் அந்த மரம் விளங்கிவிடும். அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் வேறு சட்டம் வந்துவிட்ட போதிலும் உதாரணம் கூறும் வழக்கம் போகவில்லை. மாடு திருடியவனுக்குக் காட்டும் இந்தத் தயவை, பதினெட்டு வயது மாணாக்கனுக்குக் காட்டலாகாதா?

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் வருஷம் இவ்விஷயமாக விதிகள் வெளியிட்டது உண்மையே. ஒவ்வொரு கல்வி நிலையமும் தனக்கென ஒரு கொள்கையை வகுத்து வெளியிட வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. அவற்றை அப்படியே பெயர்த்தெழுதிக் கடமை தீர்ந்ததென்று எண்ணுவோர் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை.

ஒன்று, அவ்விதிகள் ஆராய்ச்சி ஏட்டையும் பிரசுரமாகும் கட்டுரையையும் போன்றவற்றையே நோக்குவன. வகுப்பில் எழுதும் கட்டுரை, பயிற்சி ஏடு, பரீட்சை விடைத்தாள் முதலியவற்றை அவை வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. ஆகவே பெரும்பாலான மாணாக்கருக்கு அவற்றில் விதியே இல்லை. சர்வகலாசாலைதான் எழுதியாக வேண்டும்.

மற்றொன்று, அவ்விதிகளின் தண்டனைப் படிகள் ஒற்றுமையின் அளவைக் கொண்டு அமைந்தவை. நூற்றுக்கு 10 வரை ஒற்றுமையிருந்தால் தண்டனையில்லை. 40 வரை ஆறு மாதத்துக்கு மேற்படாத தவணையில் ஏட்டைத் திருத்தித் தரவேண்டும். 60 வரை திருத்திய ஏட்டை ஓராண்டு தரக்கூடாது. அதற்கு மேற்பட்டால் பதிவே ரத்து. மேற்கோளாகக் காட்டியவை, நூற்பட்டியல், சட்ட வாசகங்கள், பொதுச் சொற்கள் ஆகியவை இக்கணக்கில் சேரா. 200 பக்க ஏடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 18 பக்கங்கள் தொடர்ச்சியாக வேறொருவர் நூலிலிருந்து வந்தவை என்றால் நூற்றுக்கு 9 ஆகிறது. படிக் கணக்கின்படி அது சிறு ஒற்றுமையே! வேறொருவரோ, தம் துறையில் எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் சோதனை முறைகளை எழுதியதால் அங்கொன்றும் இங்கொன்றுமாக 12-ஐ எட்டிவிடுகிறார். அவர் விளக்கம் சொல்ல நிற்கவேண்டும். ஆங்கில நூலொன்றின் அத்தியாயத்தைத் தமிழில் மொழிபெயர்த்துத் தன்னதென்று தருபவனோ, சொற்களை ஒப்பிடும் மென்பொருளிடம் பெரும்பாலும் அகப்படுவதேயில்லை. முடிவுரை முதலிய மூலப் பகுதிகளில் ஒற்றுமையே கூடாதென்றும் விதி சொல்கிறதென்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் படிகள் எண்ணைப் பார்க்கின்றன. திருட்டு எண்ணில் இல்லை. கணிப்பொறி காட்டும் எண், எந்தப் பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்குக் குறிப்பேயன்றித் தீர்ப்பாகாது. இதைக் கொள்கையிலேயே எழுதிவிட வேண்டும்.

அப்படியாயின் வரையறை எவ்வாறு இருக்க வேண்டும்? நாம் எழுதுவதானால் இவ்வாறு எழுதுவோம்: 'பிறர் வாசகத்தையோ, கருத்தையோ, படத்தையோ, கணக்கையோ, எங்கிருந்து எடுத்ததென்று காட்டாமல், தன்னுடையதென்று பரீட்சகர் நம்பும்படி மதிப்பீட்டுக்கு ஒப்படைப்பது கருத்துத் திருட்டு. மூலத்தைக் காட்டியும் முறைப்படி காட்டாமை மேற்கோள் பிழை, அது திருட்டன்று.' இரண்டாம் வாக்கியமே முக்கியமானது. அது இல்லாமையால்தான் மேற்கோள் குறியை மறந்தவனும், கட்டுரையை விலைக்கு வாங்கியவனும் ஒரே கூண்டில் நிற்க நேர்கிறது.

இதன் கீழ் வரவேண்டிய உதாரணங்கள் எல்லைக்கோட்டில் நிற்பவையாக இருக்கவேண்டும். முழு நூலையும் நகலெடுப்பது தவறென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லையே! ஒரு நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; இது நாமே இயற்றியது: 'மேட்டூர் அணை 1934-ல் முடிந்தபின், தஞ்சை உழவன் மழைமேகத்தைப் பார்ப்பதை விட்டு அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கலானான்.' அணை 1934-ல் முடிந்ததென்று மட்டும் எழுதும் மாணாக்கன் யாருக்கும் கடன்பட்டவனல்லன். அது எல்லாரும் அறிந்த செய்தி. உழவனை வேளாளனாக்கி, மேகத்தை வானமாக்கி, மூலத்தைச் சொல்லாது விடுபவன் திருடியவனே. சொற்கள் மாறினும் அந்த எண்ணம் நூலாசிரியருடையது. வாக்கியத்தை அப்படியே எழுதி, மேற்கோள் குறியிடாமல், அடிக்குறிப்பில் மட்டும் நூலைக் காட்டுபவன் செய்தது மேற்கோள் பிழை. ஆனால் பத்துப் பக்கங்களை அவ்வாறே எழுதிக் கடைசியில் ஒரே அடிக்குறிப்பு இட்டால்? அங்கே அடிக்குறிப்பு திரையாகிவிடுகிறது, திருட்டென்றே கொள்ளலாம். கணித ஆசிரியரும் சரித்திர ஆசிரியரும் இவ்வுதாரணங்களைத் தத்தம் துறைக்கேற்ப எழுதித்தர வேண்டும். கணிதத்தில் சமன்பாட்டுக்கு மேற்கோள் குறி இடுவாரில்லை.

தண்டனையை இதன் பிறகே பேசவேண்டும். நடந்ததா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு கொடியது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே அமர்வில் குழப்புவது நியாயஸ்தலங்களில் நாம் கண்டு சலித்த வழக்கம். மேற்கோள் பிழைக்குத் திருத்தி எழுதுவதே போதும். அதைப் பதிவேட்டில் ஏற்றலாகாது. முதல் தடவை ஒரு பகுதியைத் திருடியவனுக்கு அப்பகுதிக்கு மதிப்பெண் இல்லை. எஞ்சியதை மதிப்பிட வேண்டும். கட்டுரையின் பெரும்பகுதி திருட்டென்றால் அந்தக் கட்டுரைக்குச் சைபர். பிறரைக் கொண்டு எழுதுவித்தவனையும், எச்சரித்த பின்னும் செய்பவனையும் ஒரு பருவம் நிறுத்தி வைக்கலாம். ஆராய்ச்சிப் பட்டத்துக்குரிய ஏட்டில் நடந்த மோசடிக்கும், மீண்டும் மீண்டும் செய்யும் குற்றத்துக்குமே வெளியேற்றம். ஒவ்வொரு படியிலும் அளவு, வேண்டுமென்றே செய்ததா என்பது, படிப்பின் ஆண்டு, முன் எச்சரிக்கை ஆகிய நான்கையும் பார்க்கவேண்டும். 40-க்கும் 41-க்கும் இடையே ஆறு மாதம் ஓராண்டாகத் தாவுவதுபோன்ற செங்குத்துப் படி வேண்டாம்.

விசாரணையில் இயற்கை நீதி பேணப்பட வேண்டுமென்று 2018 விதிகளே கூறுகின்றன. அச்சொல் மாணாக்கனுக்கு விளங்காது. அவன் பத்தியையும் மூலப் பத்தியையும் பக்கத்தில் பக்கமாக அச்சிட்டு அவன் கையில் கொடுக்கவேண்டும். வெறும் எண்ணைக் கொடுத்தல் ஆகாது. பதில் சொல்லப் பத்து நாளாவது வேண்டும். புகார் செய்த ஆசிரியர் தீர்ப்பளிக்கும் குழுவில் அமரலாகாது. மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதும் அதே தாளில் இருக்கவேண்டும். புதிய கொள்கை வெளியான தேதிக்கு முன் ஒப்படைத்த கட்டுரையைப் பழைய விதிப்படியே பார்க்கவேண்டும் என்ற ஷரத்தை, இவ்வறிக்கைகளைத் திருத்துவோர் மறவாமல் கடைசி வரியாகச் சேர்க்கவேண்டும்.