அட்சதை காற்றில் நிற்கும் நேரம்

கெட்டிமேளம் முழங்கியதும் மண்டபம் முழுக்கக் கைகள் உயர்கின்றன. மஞ்சள் அரிசி மேலே எழும்பி மணமக்கள் தலையில் இறங்குகிறது. நான்கே நொடிதான், எல்லாம் முடிந்துவிடும். கல்யாண வீடியோவில் அந்த நான்கு நொடியைப் பதினாறு நொடியாக நீட்டிப் பார்க்கத்தான் இரு வீட்டாரும் ஆசைப்படுகிறார்கள்.

சில வீடியோக்களில் அட்சதை ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுழன்று இறங்குவது தெரியும். வேறு சிலவற்றில் அதே அட்சதை மஞ்சள் புகைபோல நெளியும். தாலி முடியும் விரல்கள் மஞ்சள் கயிற்றோடு ஒட்டி, உருகி, மறுபடி பிரியும். இரண்டையும் ஸ்லோமோஷன் என்றே சொல்கிறோம். ஆனால் அவை பிறந்த விதமே வேறு.

நம் ஊரில் கல்யாண வீடியோக்களைப் பெரும்பாலும் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப் படங்கள் என்ற கணக்கில்தான் தயாரிக்கிறார்கள். அந்த வேகத்திலேயே படம் பிடித்திருந்தால் நான்கு நொடிக்குக் கையில் இருப்பவை 100 படங்கள். அதைப் பதினாறு நொடி ஓட்டுவதற்கு 400 படங்கள் தேவை. மீதி 300 படங்களுக்கு எங்கே போவது? ஸ்லோமோஷன் பற்றிய எல்லா விஷயமும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

ஒரு வழி, படம் பிடிக்கும்போதே அந்த 400 படங்களையும் எடுத்துவிடுவது. கேமராவை நொடிக்கு 100 ஃபிரேமில் வைத்தால் நான்கு நொடியில் 400 கிடைத்துவிடும். பிறகு அவற்றை நொடிக்கு 25 வீதம் ஓட்டினால் காலம் நான்கு மடங்கு நீளும். இது புதிய யோசனை அல்ல. கேமராவின் கைப்பிடியைக் கையால் சுற்றிய காலத்திலேயே, வேகமாகச் சுற்றிப் பிடித்து, திரையில் வழக்கமான வேகத்தில் ஓட்டினார்கள். 1904-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பாதிரியாரும் இயற்பியல் அறிஞருமான ஆகஸ்ட் முஸ்கர் இதற்கென்றே ஒரு கருவியை வடிவமைத்தார். அகிரா குரோசாவா 1954-இல் ‘செவன் சாமுராய்’ படத்தில் ஒருவன் செத்து விழும் கணத்தை இப்படித்தான் நீட்டிக் காட்டினார். 2013-இல் வந்த ஐஃபோன் 5எஸ் நொடிக்கு 120 ஃபிரேம் பிடித்தபோது இந்த வசதி சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு வழி, இல்லாத 300 படங்களைக் கணினியைக் கொண்டு உண்டாக்குவது. இதற்கு இடைச்செருகல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மிக எளிய முறையில், ஒவ்வொரு படத்தையும் நான்கு தடவை திருப்பிக் காட்டுவார்கள். அசைவு தத்தித் தத்தி நகரும். அடுத்தது, பக்கத்துப் பக்கத்துப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் கலப்பது. கை அசைந்தால் ஆவிபோல இரண்டு கைகள் தெரியும். மூன்றாவதுதான் எடிட்டிங் மென்பொருள்களில் Optical Flow என்று திரையில் தெரியும் முறை. முதல் படத்தில் இருந்த ஒரு புள்ளி அடுத்த படத்தில் எங்கே போயிருக்கிறது என்று மென்பொருள் தேடும். அந்தப் பாதையின் கால்வாசித் தூரத்தில், பாதித் தூரத்தில், முக்கால்வாசித் தூரத்தில் அந்தப் புள்ளியை வைத்து மூன்று புதுப் படங்களை வரையும். ஆக, திரையில் ஓடும் நான்கு படங்களில் ஒன்று மட்டுமே நடந்தது, மூன்று ஊகம்.

அந்த ஊகம் பல இடங்களில் நன்றாகவே பலிக்கும். மணப்பெண் மெல்லத் தலை திருப்புவது, கோபுரத்தை ஒட்டி கேமரா நகர்வது போன்ற நிதானமான அசைவுகளில் இடைச்செருகலைக் கண்டுபிடிப்பது கடினம். 1999-இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் தோட்டாக்கள் காற்றில் மிதக்க, கேமரா சுற்றி வரும் காட்சிக்குக்கூட, சுமார் 120 புகைப்படக் கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த பிறகு, படங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கணினியால்தான் நிரப்பினார்கள். அங்கே இடைவெளிகள் சிறியவை, எல்லாம் திட்டமிட்டவை. அட்சதை அப்படி அல்ல.

அரைமீட்டர் உயரத்திலிருந்து விழும் அரிசி, தலையைத் தொடும்போது நொடிக்குச் சுமார் மூன்று மீட்டர் வேகத்தில் இருக்கும். 25 ஃபிரேமில் பிடித்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அது 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அரிசியின் நீளமோ ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இந்தப் படத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான மஞ்சள் புள்ளிகளில் எது அடுத்த படத்தில் எதுவாக ஆனது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே நிறம், ஒரே உருவம். அது தவறான ஜோடிகளைச் சேர்த்துவிடும். அதனால்தான் அரிசி பாதி வழியில் கரைந்து வேறு இடத்தில் முளைக்கிறது. பட்டுப்புடவையின் கட்டம், ஜன்னல் கம்பி, ஹோமத் தீ, தெளிக்கும் பன்னீர் எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான்.

விரல்களின் கதை சற்று வேறு. ஒரு கை கழுத்துக்குக் குறுக்கே வரும்போது அதன் பின்னால் இருப்பது மறைந்துவிடுகிறது. மறைந்த பகுதியைப் பற்றிய தகவல் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. மென்பொருள் பக்கத்தில் இருப்பதை இழுத்து அங்கே ஒட்டுப்போடும். விரலோரம் ரப்பர்போல நெளிவது அந்த ஒட்டுதான்.

இன்னொன்றும் உண்டு. 25 ஃபிரேமில் பிடிப்பவர்கள் வழக்கமாக ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடியில் வைப்பார்கள். அந்த நேரத்துக்குள் அரிசி ஆறு சென்டிமீட்டர் நகர்ந்து, படத்தில் ஒரு மஞ்சள் கோடாகவே பதிந்திருக்கும். வேகத்தைக் குறைத்தாலும் கோடு கோடாகத்தான் இருக்கும். 100 ஃபிரேமில் ஷட்டரை இருநூறில் ஒரு நொடிக்கு வைத்தால் அந்தக் கோடு ஒன்றரை சென்டிமீட்டராகச் சுருங்கும். அதற்குக் கொடுக்கும் விலை வெளிச்சம்: நான்கில் ஒரு பங்குதான் உள்ளே வரும். மண்டபத்து விளக்கு போதாமல் படம் மணல் மணலாகப் பொரியலாம்.

சரி, 100 ஃபிரேமில் எடுத்தாயிற்று. வேலை முடிந்ததா என்றால் இல்லை. அந்தக் கோப்பை அப்படியே 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் அட்சதை வழக்கமான வேகத்திலேயே விழும். கோப்பின் மேல் ‘நொடிக்கு 100’ என்று எழுதியிருப்பதை மதித்து, மென்பொருள் நான்கு படங்களில் ஒன்றை மட்டும் காட்டி மூன்றைத் தள்ளிவிடும். கஷ்டப்பட்டு எடுத்த 300 படங்களும் உள்ளேயே இருக்கின்றன, ஆனால் திரைக்கு வரவில்லை.

அவற்றை வெளியே கொண்டுவருவதைத்தான் எடிட்டர்கள் கன்ஃபார்ம் செய்வது என்கிறார்கள். கோப்பில் இருக்கும் படங்களில் ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், ‘இதை நொடிக்கு 25 என்று எடுத்துக்கொள்’ என்று மென்பொருளுக்குச் சொல்வது அது. பிரீமியர் புரோவில் Interpret Footage, டாவின்சி ரிசால்வில் Clip Attributes என்ற இடத்தில் இந்த எண்ணை மாற்றலாம். மாற்றியதும் நான்கு நொடிக் கோப்பு பதினாறு நொடி ஆகிவிடும். கேமரா பார்த்த ஒவ்வொரு படமும் டைம்லைனில் ஒரு கட்டத்தில் வந்து உட்காரும். கணிப்புக்கே இடமில்லை.

“அண்ணே, முகூர்த்தத்தை எத்தனையில எடுத்தீங்க?” என்று எடிட்டர் கேட்டால், “120-ல தம்பி” என்றுதான் பல கேமராக்காரர்கள் பதில் சொல்வார்கள். கேமராவில் இருக்கும் பெரிய எண் அதுதான் என்பதால். தவறில்லை, ஆனால் அங்கிருந்து ஒரு நுணுக்கமான பிழை தொடங்குகிறது. 120-ஐ 25-ஆல் வகுத்தால் 4.8. கன்ஃபார்ம் செய்தால் காட்சி 4.8 மடங்கு நீண்டு, வழுவழுவென்று ஓடும். அப்படிச் செய்யாமல் வேகத்தை 25 சதவீதம் என்று கையால் போட்டுவிட்டால், மென்பொருளுக்கு ஒவ்வொரு ஆறு படங்களிலும் ஒன்றைத் தள்ள வேண்டியிருக்கும். 20 சதவீதம் என்று போட்டால், நொடிக்கு ஒரு படத்தை இரண்டு தடவை காட்ட வேண்டியிருக்கும். பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது; நொடிக்கொரு முறை காட்சிக்கு விக்கல் எடுப்பதுபோல மட்டும் இருக்கும். சரியான எண் 20.83. இதை நினைவில் வைத்துக்கொள்வதைவிடக் கன்ஃபார்ம் செய்வது எளிது.

120-க்கு இன்னொரு தொல்லை மின்சாரத்திலிருந்து வருகிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத துடிப்பு. 120 ஃபிரேமில் பிடித்தால் படமும் துடிப்பும் ஒத்துப்போகாமல் நொடிக்கு 20 தடவை வெளிச்சம் ஏறி இறங்கும். வேகத்தைக் குறைத்ததும் அது நொடிக்கு நான்கு தடவை என்றாகி, மணமேடை முழுதும் மினுக்கும். 100 ஃபிரேமில் பிடித்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு துடிப்பு என்று சீராக விழுந்துவிடும். மண்டபத்தில் 120-ஐவிட 100 நல்லது என்பதற்கு இதுவே போதுமான காரணம். மலிவான எல்இடி விளக்குகள் தம் விருப்பத்துக்குத் துடிக்கும் என்பதால், முதல் நாள் இரவே வரவேற்பில் பத்து நொடி எடுத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

கன்ஃபார்ம் செய்வதைக் காட்சிகளை வெட்டி அடுக்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அடுக்கிய பிறகு மாற்றினால், அந்தக் கோப்பிலிருந்து எடுத்த துண்டுகள் எல்லாம் இடம் பெயரும். தாலி கட்டும் இடத்தில் வேறு ஏதோ ஓடும். ஒலியும் கவனிக்க வேண்டியது. நான்கு மடங்கு நீண்டால் நாதஸ்வரம் இரண்டு ஸ்தாயி கீழே இறங்கி முனகும். ஆகவே கெட்டிமேளத்தை, வழக்கமான வேகத்தில் ஓடும் இரண்டாவது கேமராவிலிருந்தோ தனி ரெக்கார்டரிலிருந்தோ எடுத்துச் சேர்ப்பதே வழி.

கல்யாணத்துக்கு வீடியோ சொல்லும் வீட்டார் இரண்டே விஷயம் கேட்டுவைத்தால் போதும். முகூர்த்த நேரத்துக்கு ஒரு கேமரா 100 ஃபிரேமிலும், இன்னொன்று ஒலியோடு 25 ஃபிரேமிலும் ஓடுமா? பழைய கல்யாணம் ஒன்றின் அட்சதைக் காட்சியைக் காட்ட முடியுமா? காட்டினால், அதை ஓரிடத்தில் நிறுத்தி, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். ஒரே ஒரு அரிசியைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அது கரையாமல், முளைக்காமல், படத்துக்குப் படம் ஒழுங்காக இறங்கித் தலையைத் தொட்டால், அவரிடமே முன்பணம் கொடுக்கலாம்.