இரண்டு கிலோ உரமும் ஒரு ஏக்கர் குளமும்

(ரெட்டியார்சத்திரம் வட்டாரக் கிராமசபைக் கூட்டத்தில் பேசுவதற்காக எழுதியது)



குளத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் இறங்கினால் அள்ளிவிடலாம். இன்று நான் பேச வந்தது கண்ணுக்குத் தெரியாத அழுக்கைப் பற்றி. தண்ணீரைப் பச்சையாக்குவதும், ஆகாயத்தாமரையை வளர்ப்பதும், விடியற்காலையில் மீனைக் கொல்வதும் அதுதான். அதன் பெயர் பாஸ்பரஸ். டி.ஏ.பி. மூட்டையில் நாம் காசு கொடுத்து வாங்குகிற அதே மணிச்சத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் அது சுமார் 40 லட்சம் லிட்டர். ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே அந்தக் குளத்தில் பாசி தறிகெட்டு வளரும். 40 லட்சம் லிட்டருக்கும் சேர்த்தால் 400 கிராம். டி.ஏ.பி.யில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். அப்படியானால் இரண்டு கிலோ டி.ஏ.பி. முழுதாகக் கரைந்து தண்ணீரில் நின்றால் போதும், ஒரு ஏக்கர் குளம் பச்சையாகிவிடும். சாணத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய அறுபது மாடுகள் ஒரே நாளில் போடுகிற சாணம். அல்லது இரண்டு மாடுகள் ஒரு மாதம் குளத்துக்குள்ளேயே சாணம் போடுவது. ஒரு பகுதியைச் சேறு இழுத்துக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் தேவைப்படலாம். ஆனாலும் எவ்வளவு சிறிய அளவு என்று பாருங்கள்.

பாஸ்பரஸ்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? 1973-இல் கனடாவின் ஒண்டாரியோவில், 226 என்று எண்ணிட்ட ஒரு ஏரியை டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும் மட்டும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சைப் பசேலென்று ஆனது, மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்த ஒரு படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பச்சையானால் என்ன, பாசிதானே என்று கேட்கலாம். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரி தண்ணீரில், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் இயல்பாகக் கரைந்து நிற்கும். பாசி அடர்ந்த குளத்தில் இரவு முழுக்க அது குறைந்துகொண்டே போய், பொழுது விடிவதற்குச் சற்று முன் மிகத் தாழ்ந்துவிடும். இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வெளிக்காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால் தாக்குப்பிடிக்கும். ஆகவே கெண்டை செத்து மிதந்து விரால் பிழைத்திருந்தால், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று சண்டை போடுவதற்கு முன்னால் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். இரண்டு நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்து பாசி பகலில் வேலை செய்யாமல் போயிருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

பெயின்ட் கொட்டியது போலப் பச்சை ஆடை கரையோரம் ஒதுங்கினால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் நஞ்சு உண்டாக்கும். குடித்த ஆடு மாடு சாகக்கூடும். அந்தப் பக்கம் கால்நடைகளை விடவேண்டாம், பிள்ளைகள் குளிக்கவும் வேண்டாம்.

குளம் எந்த நிலையில் இருக்கிறது என்று நாமே அளக்க ஒரு கருவி இருக்கிறது. 1865-இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டுகளைக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்தார். செக்கித் தட்டு என்று இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சாண் அகலத்தில் பழைய தட்டு ஒன்று போதும். நாலு கூறாகப் பிரித்து, கூறுகளுக்கு மாறி மாறி வெள்ளையும் கறுப்பும் அடித்து, நடுவில் கயிறு கோத்து, அடியில் கல் கட்டிவிடலாம். காலை பத்து மணிக்கு மேல் நல்ல வெயிலில், கிளறாத இடத்தில் மெல்ல இறக்கவேண்டும். தட்டு மறைகிற இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மேலே தூக்கும்போது மறுபடி தெரிகிற இடத்தையும் பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள ஆழம்தான் அளவு. மீன் வளர்க்கும் குளத்தில் அது ஒரு முழத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஒரு சாணுக்குள் மறைந்தால் ஆபத்து.

ஒரு எச்சரிக்கை. மழை பெய்து செம்மண் கலங்கினாலும் தட்டு சீக்கிரம் மறையும். அந்தத் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மண் என்றால் பெரும்பாலும் அடியில் படியும். பாசி என்றால் பச்சையாகவே நிற்கும், இல்லையேல் மேலே திரளும்.

இனி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஐப்பசி மழையின் முதல் வெள்ளம்தான் பெரிய வரவு. கோடை முழுக்க வரத்து வாய்க்காலில் சேர்ந்த சாணம், குப்பைமேட்டுச் சாறு, வயலில் தூவிய உரம் எல்லாம் அந்த வெள்ளத்தோடு உள்ளே வந்துவிடும். அதனால் புரட்டாசிக்குள் வாய்க்காலைச் சுத்தம் செய்து, குளத்து வாயில் ஒரு வண்டல் குழி வெட்டினால் பாதி வேலை முடிந்தது. பாஸ்பரஸ் பெரும்பாலும் மண் துகளோடு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்யும். மண் குழியில் நின்றால் அதுவும் அங்கேயே நிற்கும். மழைக்கு முந்தின நாள் உரம் தூவாமல் இருப்பது நமக்கும் லாபம். நம் ரெட்டியார்சத்திரத்திலேயே இருக்கும் இந்தோ–இஸ்ரேல் காய்கறி மகத்துவ மையத்தில், சொட்டுநீரோடு உரத்தைக் கலந்து வேருக்கே கொடுக்கும் முறையைப் போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி வேண்டும். மாடு குளிப்பாட்டக் கரைக்கு வெளியே ஒரு தொட்டி வேண்டும், அதன் தண்ணீர் குளத்துக்குத் திரும்பாமல் தென்னைக்குப் போகவேண்டும்.

மயில்துத்தம் போட்டால் பாசி ஒரே வாரத்தில் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகும், ஆனால் மொத்தமாகச் செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைக் குடித்துவிடும், மீனும் போகும். பாஸ்பரஸோ அப்படியே தண்ணீரில் இருக்கும்; அடுத்த மாதம் பாசி திரும்ப வரும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான். பிடுங்கிக் கரையிலேயே போட்டால் அது அழுகி, அந்தச் சத்து குளத்துக்கே திரும்பும். பச்சையாக இருக்கும்போதே அள்ளித் தூரத்தில் உரக்குழியில் மக்கவைத்தால், அது தின்ற சத்து குளத்தைவிட்டு வெளியேறும்.

வரவை நிறுத்தினாலும் குளம் உடனே தெளியாது. பல வருஷம் சேர்ந்த சேற்றில் பாஸ்பரஸ் இரும்போடு பிணைந்து கிடக்கிறது. அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து மேலே கரையும். ஆகவே கோடையில் குளம் வற்றும்போது வண்டலை எடுத்தே ஆகவேண்டும். குளத்துக்குக் கெடுதலான அதே சத்து வயலுக்கு எரு.

இந்தக் கூட்டத்தில் நான்கு தீர்மானம் போடக் கேட்கிறேன். வரத்து வாய்க்கால் வேலையும் வண்டல் குழியும் மழைக்கு முன் முடியவேண்டும். மாட்டுத் தொட்டிக்கு இடம் இன்றே குறிக்கவேண்டும். வாரம் ஒருநாள் தட்டு இறக்கி அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத, பள்ளிப் பிள்ளைகளில் நாலு பேரை ஆசிரியர் தேர்ந்தெடுக்கவேண்டும். வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி கேட்டு மனுக் கொடுக்கவேண்டும். எத்தனை டிராக்டர் லோடு வேண்டும் என்று விவசாயிகள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே பெயரோடு எழுதிக்கொடுங்கள்; மனுவோடு அதையும் சேர்த்து வைப்போம்.