வெளிநாட்டில் அண்ணன், உள்ளூரில் ஒரு 'பவர்': அப்பா விட்டுச்சென்ற வீட்டை ஒரு வாரிசு மட்டும் விற்றால் என்ன ஆகும்?

பெங்களூரு அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையம் மாதிரியான பழைய பேட்டைகளில், தாத்தா காலத்தில் வாங்கிய சின்ன மனைகள் இன்றும் குடும்பங்களின் கையில் இருக்கின்றன. அப்பா போனபிறகு அம்மா அங்கேயே இருப்பார். மகன் துபாயிலோ டொராண்டோவிலோ இருப்பார், மகள்கள் ஆளுக்கொரு ஊரில். 'வீட்டை வித்துடலாம்' என்ற பேச்சு வரும்போது எல்லோரும் சொல்லும் தீர்வு ஒன்றுதான்: "ஒரு பவர் குடுத்துட்டா போதும், நீங்க வரவே வேண்டாம்."

போதுமா? கையெழுத்துப் போடுவதற்கு வேண்டுமானால் போதும். ஆனால் மற்ற வாரிசுகளின் பங்கை விற்பதற்குப் போதாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும்.

நான்கில் ஒன்றா, நான்குமா?

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஜோகுபாளையத்தில் 1,200 சதுர அடி மனையில் ஒரு வீடு. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அவருடைய பெற்றோரும் உயிருடன் இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி நான்கு பேருக்கும் சம பங்கு, அதாவது ஆளுக்கு நான்கில் ஒன்று. மகள் கல்யாணமாகிப் போய்விட்டார், 'சீர் எல்லாம் செஞ்சாச்சு' என்பதெல்லாம் இந்தக் கணக்கை மாற்றாது. (கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. ஆனால் இனி சொல்லப்போகும் அடிப்படை எல்லோருக்கும் பொருந்தும்.)

ஆளுக்கு 300 சதுர அடி என்று மனசில் கோடு போட்டுவிடாதீர்கள். பாகம் பிரிக்கும்வரை 'இந்த மூலை என்னுடையது' என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டின் ஒவ்வொரு அடியிலும் நால்வருக்கும் பங்கு உண்டு.

இப்போது துபாய் மகன் தன் நண்பருக்கு பவர் எழுதிக் கொடுக்கிறார். நண்பர் முழு வீட்டையும் 2 கோடி ரூபாய்க்குக் கிரயம் செய்துவிடுகிறார். அம்மாவும் தங்கைகளும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

பவர் என்பது ஒருவர் தன் கையை இன்னொருவருக்குக் கடன் கொடுப்பது மாதிரி. கொடுத்தவரால் செய்ய முடியாததை வாங்கியவராலும் செய்ய முடியாது. மகனால் விற்க முடிந்தது நான்கில் ஒன்று என்றால் நண்பரால் விற்க முடிந்ததும் அவ்வளவுதான். 2 கோடி கொடுத்தவருக்குச் சட்டப்படி கிடைத்தது சுமார் 50 லட்சம் மதிப்புள்ள பங்கு மட்டுமே.

வாங்கியவர் குடிபோக முடியுமா?

அந்தப் பங்கைக்கூட அவர் உடனே அனுபவிக்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் 44-வது பிரிவு, குடும்பம் பிரிக்காமல் வைத்திருக்கும் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், குடும்பத்தோடு சேர்ந்து அனுபவ உரிமை கோர முடியாது என்கிறது. அவருக்கு இருக்கும் வழி பாகப்பிரிவினை வழக்கு. வழக்குப் போட்டாலும், பாகப்பிரிவினைச் சட்டம் 1893-ன் 4-வது பிரிவின்படி, அம்மாவோ தங்கைகளோ 'நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று கேட்கலாம்.

அண்ணன் தன் பங்கை மட்டும் நேர்மையாக விற்க நினைத்தாலும் ஒரு படி இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவு, அதை வாங்கும் முன்னுரிமையை மற்ற முதல் வகுப்பு வாரிசுகளுக்குத் தருகிறது. தங்கைகளிடம் கேட்காமல் வெளியாளுக்கு விற்றால், அதை வைத்தே ஒரு வழக்கு வரலாம்.

இது எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு மேற்கு வங்கத்தின் ஹவுராவிலிருந்து வந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 1959-ல் இரண்டு சகோதரர்கள் சேர்ந்து வாங்கிய சொத்து அது. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் 2006-ல் முழுவதையும் விற்றார். மற்ற வாரிசுகள் எதிர்த்தார்கள். பாகம் பிரிக்காமல் ஒரு பங்குதாரர் முழுச் சொத்தையும் விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. கிரயத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவில் 18 வருடங்கள்.

பவரில் 'விற்கலாம்' என்று எழுதியிருக்கிறதா?

இரண்டாவது ஆபத்து பவர் பத்திரத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. கேரளாவின் கோழிக்கோடு பகுதியில் அப்பா விட்டுச்சென்ற சொத்தில் பங்குள்ள ஒரு பெண், 1971-ல் தன் சகோதரிக்குப் பொது பவர் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். 1985-ல் அதை ரத்து செய்தார். ஆனால் இடைப்பட்ட காலத்தில் சகோதரி அந்தப் பவரை வைத்துச் சொத்தை மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். பிறகு அது தாமரசேரி கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கைக்கு வந்தது.

உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 1 அன்று அந்தப் பெண்ணின் பங்கை உறுதி செய்தது. காரணம் எளிமையானது. குத்தகைக்கு விடலாம், சொத்தைப் பிணையாக வைத்துக் கடன் வாங்கலாம் என்றெல்லாம் பவரில் இருந்தது, விற்கலாம் என்று மட்டும் இல்லை. விற்கும் அதிகாரத்தை ஊகித்துக்கொள்ள முடியாது, வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 1971-ல் போட்ட ஒரு கையெழுத்தின் விளைவு 51 வருடம் கழித்துத்தான் முடிவுக்கு வந்தது.

நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் இதன் மறுபக்கத்தையும் யோசியுங்கள். 'எல்லா அதிகாரமும்' என்று எழுதிக் கொடுத்தால் ஏஜென்ட் செய்வது உங்களைக் கட்டுப்படுத்தும். அவர் முழு வீட்டையும் உங்கள் பெயரில் விற்றால், 'விற்க எனக்கு உரிமை இருக்கிறது' என்று வாங்குபவரிடம் உறுதி கொடுத்தது நீங்கள்தான். பணத்தையும் நஷ்டஈட்டையும் அவர் உங்களிடம்தான் கேட்பார். மற்ற வாரிசுகளை மறைத்து விற்றதாக மோசடிப் புகாரும் தரலாம்.

பவருக்கு ஆயுளும் உண்டு. பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. அது தெரிந்தபிறகும் ஏஜென்ட் கையெழுத்துப் போட்டால் அந்தக் கிரயம் நிற்காது.

இசி கிளீன், காத்தா இருக்கு. அப்புறம் என்ன?

வீடு வாங்கப்போகும் உங்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கர்நாடகாவின் 'காவேரி' தளத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்றிதழ், அதாவது இசி, பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். ஒருவர் இறப்பதும், அவர் சொத்து நான்கு பேருக்குப் போவதும் பதிவு அலுவலகத்தில் நடப்பதில்லை. அதனால் மகள்களின் பங்கு இசியில் தெரியவே தெரியாது. எதுவும் இல்லாத இசி, எந்தப் பதிவும் நடக்கவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

காத்தாவும் அப்படித்தான். அது மாநகராட்சி வரிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதைச் சொல்லும். பத்திரப்பதிவுக்கு இ-காத்தா கட்டாயமானாலும், அதில் அண்ணன் பெயர் மட்டும் இருப்பது மற்ற மூவரின் உரிமையை அழிக்காது. குடும்ப மரச் சான்றிதழ் பெரும்பாலும் விண்ணப்பித்தவர் தரும் உறுதிமொழியை நம்பித் தரப்படுவது. அதில் ஒரு தங்கையின் பெயரை விட்டுவிட்டால் சான்றிதழிலும் விடுபட்டுவிடும்.

'சப்-ரிஜிஸ்ட்ரார் பதிவு பண்ணிட்டாரே' என்பார்கள். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் பதிவு விதி 55ஏ(1)-ஐ ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரிப்பது பதிவு அதிகாரியின் வேலை இல்லை. அதனால் பதிவு முத்திரை உரிமைக்கான சான்றும் இல்லை.

எனவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இறந்தவரின் மனைவி, பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் எல்லோரும் கிரயப் பத்திரத்தில் இருக்கிறார்களா? இல்லாதவர்கள் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்கிறார்களா? 'தங்கச்சிங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க' என்ற பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சரி, எப்படிச் செய்தால் பிரச்சினை இல்லை?

முதல் வழி, நால்வரும் சேர்ந்து விற்பது. வர முடியாதவர் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மட்டும் தனி பவர் கொடுக்கலாம். இரண்டாவது வழி, பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ முதலில் பதிவு செய்து, அதற்குப் பிறகு விற்பது.

பவரில் சொத்தின் விவரம், 'என் நான்கில் ஒரு பங்கை மட்டும்' என்ற வரி, விற்கும் அதிகாரம், குறைந்தபட்ச விலை, பணம் எந்தக் கணக்குக்கு வரவேண்டும் என்பதெல்லாம் இருக்கட்டும். வெளிநாட்டில் கையெழுத்திடுவதென்றால், பதிவுச் சட்டம் 1908-ன் 33-வது பிரிவின்படி இந்தியத் தூதரக அதிகாரி அல்லது அந்நாட்டு நோட்டரி போன்றோர் முன்னிலையில் போட்டுச் சான்று பெற வேண்டும். அது கர்நாடகாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். பவரை வைத்துக் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால்தான் விற்பனை முடியும். வெறும் பவரையும் ஒப்பந்தத்தையும் கைமாற்றினால் உரிமை மாறாது என்று 2011-லேயே சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

நீங்கள் அந்தத் தங்கையாக இருந்தால்? வீடு கைமாறப்போகிறது என்று தெரிந்ததும் பாகப்பிரிவினை வழக்கும் தடை உத்தரவு மனுவும் போடுவதுதான் வழி. சப்-ரிஜிஸ்ட்ராருக்கு ஆட்சேபக் கடிதம் மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவரை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட வைக்கும். கிரயத்துக்கு முன்பே தாக்கலான வழக்குக்கு அந்தப் பலம் உண்டு.