அன்பின் வாலில் ஓர் அசை

தாய்லாந்துக் காதலர் தொலைபேசியை வைக்கும்முன் சொல்லும் சொல் 'கித் துங்'. உன் நினைவாகவே இருக்கிறேன் என்று பொருள். இதில் நான், நீ எதுவும் இல்லை. வெறுமனே சொன்னால் அது ஒரு செய்தி. 'கித் துங் ந' என்றால் குரல் இளகுகிறது. கேட்பவரின் மனதைத் தொடப் பார்க்கிறது 'ந'.

அதன் பின்னே மரியாதை அசை வரும். ஆண் 'க்ரப்' என்பார், பெண் 'க' என்பார். கேட்பவர் யார் என்பது இங்கே கணக்கில்லை; சொல்பவரின் பாலே அசையைத் தீர்மானிக்கிறது. காதலியிடம் தாய் மொழி பழகிய வெளிநாட்டு ஆண் 'கித் துங் ந க' என்று சொல்லிவிடுவது இதனால்தான். அது பெண் பேசுவதுபோல் ஒலிக்கும்.

பெண்ணின் 'க'வுக்குத் தொனியும் உண்டு. சாதாரண வாக்கிய முடிவில் குரல் இறங்கும். 'ந' வந்தபின் உயர்ந்து நிற்கும். தாய்லாந்துக்காரர்களே இதை எழுதும்போது அடிக்கடி தவறுவார்கள்.

இந்த மரியாதை அன்பைக் குறைப்பதில்லை. கனிந்த குரலில் வரும் 'ந க்ரப்', உன்னைப் பொன்போல வைத்திருக்கிறேன் என்கிறது. வழக்கமாக அசையில்லாமல் பேசும் ஜோடியில் ஒருவர் திடீரென வறண்ட குரலில் 'க' என்றாலோ, கோபம் என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னும் நெருங்க 'ஜ' இருக்கிறது. இருபாலரும் சொல்லலாம். ஆனால் அது நெருங்கியவர்க்கும் இளையவர்க்கும் உரியது. மரியாதைக்குரிய பெரியவரிடம் சொல்லக் கூடாது.